ஸ்ப்ரைட் (மிதவுரு): சொல் எங்கேருந்து வந்துச்சு, நல்ல ஸ்ப்ரைட்ட எப்படி பாத்து சொல்றது

ஸ்ப்ரைட்னு சொன்னா நெறைய பேருக்கு கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் ஞாபகம் வரும், கேம் பண்றவங்களுக்கு மட்டும்தான் திரையில ஓடுற குதிக்கிற அந்த சின்ன உருவம். லத்தீன்ல ஸ்பிரிதுஸ்னா மூச்சு, உயிர். அது பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து ஒரு பக்கம் ஸ்பிரிட் ஆச்சு, இன்னொரு பக்கம் ஸ்ப்ரைட் ஆச்சு. ஸ்ப்ரைட்னா காட்டுலயும் தண்ணியிலயும் திரியுற குட்டி தேவதை, கைக்கு சிக்காத ஜீவன். தமிழ்லயும் கொதிக்கிற தண்ணியில கெளம்புறது ஆவி, உடம்புல இருக்கற உயிரும் ஆவி, செத்தப்புறம் சுத்துறதும் ஆவிதான், அதனால இந்த பொருள் மாற்றம் நமக்கு புதுசு இல்ல.

கம்ப்யூட்டருக்குள்ள இந்த சொல் வந்தது 1970கள் கடைசியில, டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியில. 1979ல வந்த அவங்களோட TMS9918 வீடியோ சிப்புல இந்த பேரு வெளிய தெரிஞ்சுது. அதுக்கு முன்னாடி பொதுவா ஒரு உருவத்த நகர்த்தணும்னா அது நின்ன எடத்துல இருந்த பின்னணிய எடுத்து வச்சுக்கிட்டு, உருவத்த வரைஞ்சு, அது நகர்ந்ததும் பழைய பின்னணிய திரும்ப ஒட்டணும், அந்த காலத்து மெஷினுக்கு இது பெரிய சுமை. இந்த சிப்புல உருவம் தனி, பின்னணி தனி. திரைக்கு கோடு கோடா படம் அனுப்புற நேரத்துலதான் சிப் ரெண்டையும் சேர்க்குது, பின்னணி மெமரியில ஒரு பிக்சல் கூட மாறுறதில்ல. எதையும் தொடாம மேல மிதந்துட்டு போற ஒண்ணு, அதனாலதான் ஆவின்னு பேரு. இதே சங்கதிய அடாரிக்காரங்க பிளேயர்-மிசைல் கிராஃபிக்ஸ்னாங்க, நின்டெண்டோ ஆப்ஜெக்ட்னு வச்சுது, ஆனா ஊர் பூரா நின்னது ஸ்ப்ரைட்தான்.

இந்த மிதக்குறதுங்கற குணத்த பிடிச்சுக்கோங்க, ஏன்னா ஒரு பிக்சல் ஆர்ட் ஸ்ப்ரைட்ட சோதிக்கறப்ப நாம பாக்கற கலர் கணக்கு, கோடு, வடிவம் மூணும் இதுலேருந்துதான் வருது. ஸ்ப்ரைட்டுக்கு கீழ என்ன பின்னணி வரும்னு அதுக்கே தெரியாது, வானமா இருக்கலாம் குகையா இருக்கலாம், எது வந்தாலும் தானா தனியா தெரியணும், இதுதான் பரீட்சை.

கலர் கணக்குக்கு 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ்ல வர்ற சின்ன மாரியோவ எடுத்துக்கலாம். ஃபேமிகாம், வெளிநாட்டுல NESன்னு வித்த மெஷின், அதுல ஸ்ப்ரைட்டுங்களுக்குன்னு நாலு பேலட்தான், ஒவ்வொண்ணுலயும் மூணு கலர், நாலாவது எடம் ஒண்ணுமில்லாத எடம், அதாவது பின்னணி தெரியுற ஓட்டை. ஒரு பிக்சலுக்கு ரெண்டு பிட்தான் ஒதுக்கியிருக்காங்க, ரெண்டு பிட்ல நாலு எண்தான் எழுத முடியும், அதுல ஒண்ணு ஓட்டைக்கு போயிட்டா மீதி மூணு. சின்ன மாரியோ 8க்கு 8 துண்டு நாலு சேர்ந்த 16க்கு 16 கட்டத்துக்குள்ள நிக்கிறான். செவப்பு தொப்பிக்கும் ஓவராலுக்கும், தோல் நிறம் மொகத்துக்கும் கைக்கும், மங்கின பழுப்பு முடி மீசை சட்டை ஷூ எல்லாத்துக்கும். ஒரே கலர் நாலு வேலை பாக்குது, இருந்தும் எதுவும் கொழம்பல, ஏன்னா பழுப்பு இருக்கற எடத்துக்கு பக்கத்துல எப்பவும் வேற கலர்தான் வருது, முடிக்கு பக்கத்துல தோல், சட்டைக்கு பக்கத்துல செவப்பு. மாரியோவோட தம்பி லூய்ஜி வர்றப்ப ஒரு பிக்சல் கூட புதுசா வரையல, தோல் அப்படியே இருக்க செவப்ப வெள்ளையாவும் பழுப்ப பச்சையாவும் மாத்திட்டாங்க, அவ்ளோதான். கலருங்க ஒவ்வொண்ணுக்கும் தெளிவான வேலை இருந்தாதான் இப்படி மாத்த முடியும், அதனால பேலட்ட பாக்கறப்ப எத்தன கலர்னு எண்ணுறதோட விடாம இந்த கலர் எதுக்குன்னு ஒவ்வொண்ணா கேளுங்க. பதில் வரலன்னா அது தேவையில்லாத கலர்.

மூணு பத்தலன்னா என்ன பண்ணாங்கன்னு அதே மெஷின்ல வந்த மெகா மேன் கேம் காட்டும். ஒடம்புக்கு கறுப்பும் ரெண்டு நீலமும் ஒரு பேலட், மொகத்துக்கு தோலும் வெள்ளையும் வேணும்னு இன்னொரு பேலட்ல ஒரு துண்ட மேல வச்சாங்க. ஆனா அந்த மெஷின் ஒரே கிடைக்கோட்டுல எட்டு துண்டுக்கு மேல காட்டாது, மிஞ்சினது மறைஞ்சிடும், அந்த கேம்ல கூட்டம் சேர்ந்தா உருவங்க மினுக்குறதுக்கு இந்த வரம்புதான் காரணம். கூட ஒரு கலர் சும்மா வர்றதில்லன்னு இதுல தெரியுதுல்ல.

இப்ப ஒரு உதாரணத்துக்கு ஒருத்தர் 16க்கு 16ல வாள் பிடிச்ச வீரன் ஒண்ணு வரைஞ்சு, NES வரம்புல இருக்கான்னு கேக்குறார்னு வைங்க. கண்ணால பாத்தா மூணு கலர்தான் தெரியுது. கண்ண நம்பாதீங்க, கமாண்ட் அடிச்சு படத்த அலசுற இமேஜ்மேஜிக் மென்பொருள் இருந்தா ஃபைலையே கேட்டுடலாம்:

```
magick veeran.png -unique-colors txt:
magick veeran.png -alpha extract -unique-colors txt:
```

முதல் வரி படத்துல உள்ள கலர் எல்லாத்தையும் ஒண்ணொண்ணா போடும், தலைப்பு வரிய விட்டுட்டு எண்ணுங்க, ஓட்டையோட சேர்த்து நாலு வரணும். நம்ம வீரனுக்கு ஒன்பது வந்துச்சுன்னா எங்கயோ கசிஞ்சிருக்கு. ரெண்டாவது வரி ஒளிபுகு அளவ மட்டும் பாக்குது, அதுல முழு கறுப்பு முழு வெள்ளைன்னு ரெண்டுதான் வரணும், நடுவுல சாம்பல் வந்தா ஓரத்துல பாதி தெரியுற பிக்சல் இருக்குன்னு அர்த்தம். இது பெரும்பாலும் மென்மையான பிரஷ்ல வரைஞ்சதாலயோ, படத்த சின்னது பெருசு பண்றப்ப மென்பொருள் நடுவுல கலர கலந்துவிட்டதாலயோ வர்றது. வெள்ளை கேன்வாஸ்ல வரைஞ்சப்ப நல்லா இருந்த ஸ்ப்ரைட் கறுப்பு குகையில போனதும் சுத்தி வெளுப்பா ஒரு ஓரம் தெரியுதுன்னா காரணம் இதேதான். சரி பண்ண பிக்சல் ஆர்ட் வரையற மென்பொருளான அசெப்ரைட்ல ஓட்டைக்கு ஒரு எடமும் மூணு கலரும் உள்ள பேலட்ட போட்டு, கலர் மோட இண்டெக்ஸ்டுக்கு மாத்தி, பாதி பிக்சல் ஒவ்வொண்ணையும் உள்ளயா வெளியயான்னு கையால முடிவு பண்ணணும், தானா விட்டா ஓரம் பிசிறாதான் வரும். பெருசு பண்றதா இருந்தா கலர கலக்காம பிக்சல அப்படியே நகலெடுக்குற நியரஸ்ட் நெய்பர் முறையில 2 மடங்கு 3 மடங்குன்னு முழு எண்ணுல மட்டும் பண்ணுங்க, ஒன்றரை மடங்கு பண்ணா சில பிக்சல் ரெண்டாகும் சிலது ஒண்ணாவே நிக்கும், கோடெல்லாம் தடிச்சும் மெலிஞ்சும் போயிடும்.

அடுத்தது கோடு. புறக்கோடுங்கறது அழகுக்கு போடுறதில்ல, மிதக்குற உருவத்துக்கும் கீழ வர்ற பின்னணிக்கும் நடுவுல நிக்கிற வரப்பு. ஆனா வரப்புக்கும் ஒரு கலர் செலவாகும். 1985 மாரியோவுக்கு கறுப்பு கோடே கிடையாது, மூணு கலர்ல ஒண்ண கோட்டுக்கு குடுக்க மனசில்ல. 1988ல மூணாவது பாகம் வந்தப்ப செவப்பு, தோல், கறுப்புன்னு மாத்தி, அந்த கறுப்பையே முடிக்கும் மீசைக்கும் ஓவராலுக்கும் கோட்டுக்கும் வச்சுக்கிட்டாங்க. என்ன கேட்டா ரெண்டாவது முடிவு இன்னும் கெட்டிக்காரத்தனம், வரப்புக்குன்னு தனியா எதுவும் செலவாகல பாருங்க.

கோடு சுத்தமா இருக்கான்னு பாக்க 8 மடங்கு பெருசாக்கி ஓரத்த சுத்தி வாங்க. சாய்வா போற கோட்டுல ரெண்டு பிக்சல் முனையோட முனை தொட்டு நிக்கணும், நடுவுல ஒண்ணு அடைச்சு ஒரு எல் மாதிரி மூலை வந்துச்சுன்னா அங்க கோடு தடிப்பா தெரியும். அசெப்ரைட் பென்சில்ல Pixel-perfect டிக் பண்ணா வரையறப்பவே இந்த மூலை எடுபட்டுடும். ஆனா படிக்கட்டு நீளத்த அது சரி பண்ணாது, அத நீங்கதான் எண்ணணும். ஒரு வளைவு 4, 3, 2, 1னு பிக்சல் வரிசை கொறஞ்சுட்டே வந்தா கண்ணுக்கு வழுக்கிட்டு போகும், 3, 1, 3னு வந்தா அந்த எடத்துல ஒரு முண்டு. நம்ம வீரனோட ஹெல்மெட் நசுங்கின மாதிரி தெரிஞ்சா பெரும்பாலும் இப்படி ஒரே ஒரு பிக்சல்தான் குத்தவாளி.

கடைசியா நிழலுரு, இங்கிலீஷ்ல சொல்ற ஸில்வெட். பாக்குற வழி ரொம்ப சிம்பிள், கலர் மொத்தத்தையும் கறுப்பாக்கிடுங்க:

```
magick veeran.png -channel RGB -evaluate set 0 nizhal.png
```

ஒளிபுகு அளவு அப்படியே இருக்கும், உள்ள கறுப்பு மட்டும். இப்ப பெருசு பண்ணாம உள்ளபடியே வச்சு வெளுப்பான பின்னணியில பாருங்க. மாரியோவ இப்படி பண்ணாலும் தொப்பி முனை முன்னாடி நீட்டும், மூக்கு தனியா துருத்தும், எந்த பக்கம் பாக்குறான்னு சந்தேகமே வராது. நம்ம வீரன கறுப்பாக்கினா ஒரு மூட்டை மாதிரி நிக்கிறான், ஏன்னா வாள் நெஞ்சுக்கு குறுக்க இருக்கு, உள்ள இருந்த சாம்பல் கலர்தான் அத வாள்னு காட்டிட்டு இருந்துச்சு. இதுக்கு கலர் கூட்டி பிரயோஜனமில்ல, வாள ஒடம்புக்கு வெளிய கொண்டு வரணும், கைக்கும் இடுப்புக்கும் நடுவுல கொறஞ்சது ஒரு பிக்சலாவது வெத்து எடம் விடணும். ரெண்டு கால ஒட்டி வரைஞ்சிருந்தா அங்கயும் ஒரு பிக்சல் சந்து. 16 பிக்சல் அகலத்துல இது பெரிய தொகைதான், எடம் பத்தலன்னா வாள மேல தூக்கிடுங்க, இல்ல தலைய பெருசாக்கி ஒடம்ப சுருக்குங்க. வரிசையில நான் எப்பவும் நிழலுருவதான் மொதல்ல பாக்க சொல்லுவேன், வடிவமே மாறப்போற படத்துக்கு கோட்ட தேய்ச்சுட்டு ஒக்காந்தா அந்த வேலை வீண்.

அப்புறம் தமிழ்ல என்ன சொல்றது. நேரா மொழிபெயர்த்தா ஆவி, அணங்குன்னு வரும், கேம்ல உண்மையிலயே பேய் ஒண்ணு வந்தா ஆவியோட ஆவின்னு எழுத வேண்டி வரும், சரிப்படாது. சிறுவுருன்னு சொல்லலாம், ஆனா அது அளவ மட்டும்தான் சொல்லுது, ஐகான் கூட சின்ன உருதான். எனக்கு பொருத்தமா படுறது மிதவுரு, பின்னணிய தொடாம மேல மிதக்குற உரு, அந்த சிப்புல நடந்த வேலைய அப்படியே சொல்லுது, பன்மையில மிதவுருக்கள். கூட வர்ற சொல்லுங்களுக்கு நிறத்தட்டு, புறக்கோடு, நிழலுரு போதும். பேச்சுல ஸ்ப்ரைட்னே சொல்லுங்க, எழுத்துல மொத தடவ மிதவுருன்னு போட்டு பக்கத்துல ஸ்ப்ரைட்னு ஒரு தடவ எழுதிட்டா படிக்கிறவங்களுக்கு போதும். திரையில நிலையா ஒட்டியிருக்கற தரை, செவுரு துண்டுங்கள மட்டும் மிதவுருன்னு சொல்லிடாதீங்க, அது டைல், தமிழ்ல பாவுகல்னு வச்சுக்கலாம்.