அடிக்காத விரலின் வேலை

வெள்ளவத்தையில் சில ஆண்டுகள் மிருதங்கம் பழகிய மாணவர் ஒருவர் அண்மையில் தபேலாவைத் தொட்டார். "நா" என்று அடித்தால் அவருக்கு வந்தது "தட்" என்ற செத்த ஓசை. கடற்காற்றின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிட்டதென எண்ணி, சுத்தியலால் தட்டிச் சுருதியை ஏற்றியும் பயனில்லை. பிழை தோலில் அன்று, அவரது மோதிர விரலில் இருந்தது.

வலக்கைத் தபேலாவின் முகத்தில் ஓரப் பட்டையான கினார், அதற்கு உள்ளே வெறுந்தோல், நடுவே கறுப்புப் பூச்சான ஸ்யாஹி என மூன்று வட்டங்கள் உண்டு. "நா" அடிக்கையில் மோதிர விரலின் நுனி ஸ்யாஹியின் விளிம்பில் மெல்லப் படிந்திருக்க, சுட்டுவிரல் கினாரைத் தட்டி உடனே மீள வேண்டும். மிருதங்கத்தின் "நம்" சொல்லை அறிந்தவருக்கு இந்த அமைப்பு புதிதல்ல.

பூச்சில்லாத தோலில் இரண்டாவது அதிர்வு முதலாவதைப்போல் ஏறத்தாழ 1.59 மடங்காக அமைவதால், சுரம் தெளியாமல் வெறும் சத்தமே எழும். நடுவில் ஏற்றிய பாரம் மேலதிர்வுகளை 2, 3 என்ற முழு மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது என்பதைச் சி. வி. இராமன் 1920இல் விளக்கினார். முதல் அதிர்வில் தோல் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்குகிறது. இரண்டாவதிலோ தோலின் ஒரு பாதி ஏற மறுபாதி இறங்க, இடையே ஒரு விட்டம் அசையாமல் நிற்கிறது. மோதிர விரல் அந்த அசையாக் கோட்டில் அமர்ந்து, முதல் அதிர்வை மட்டும் அடக்கிவிடுகிறது. ஒன்றரைக் கட்டைக்குச் சேர்த்த தபேலாவில் நாம் சுருதியாகக் கேட்கும் ஏறத்தாழ 277 ஹேர்ட்ஸ் இந்த இரண்டாம் அதிர்வே.

மாணவர் விரலை அழுத்தியதால் நுனிச் சதை பரந்து, கோட்டின் இருபுறமும் தோலைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் அதிர்வும் அதோடு மாண்டது. மோதிர விரலைத் தூக்கிவிட்டு அடிக்கச் சொன்னோம்: தாழ்ந்த முழக்கம் ஒன்று நீண்டு கேட்டது. அடித்துக்கொண்டே விரலைச் சிறிது சிறிதாக இறக்கியபோது, ஓரிடத்தில் முழக்கம் மறைந்து, மேலே "நா" மணிபோல் நின்றது. இன்னும் அழுத்தினால் பழைய "தட்" திரும்பியது. எவ்வளவு பாரம் வேண்டும் என்பதை ஆசிரியர் சொல்லில் விளக்க முடியாது. இந்தச் சோதனை காதுக்குக் காட்டிவிடுகிறது.

"தின்" சொல்லுக்கு மோதிர விரல் அதே இடத்தில் இருக்க, சுட்டுவிரல் மட்டும் கினாரை விட்டு உள்ளே வந்து மென்மையாகத் தட்டுகிறது. ஓரத்தில் விழும் விறைப்பான அடி எழுப்பும் உயர்ந்த மேலதிர்வுகள் இங்கே குறைவதால், சுருதி மாறாமலே ஓசை குழைகிறது.

"தா" என்பது தனி அடியன்று. வலக்கையின் "நா"வும், இடக்கை தன் பக்கத்து முழவான பாயானில் எழுப்பும் "கே"யும் ஒரே கணத்தில் விழுவது. மணிக்கட்டின் அடிப்பகுதி பாயான் தோலில் தங்க, வளைந்த விரல்கள் ஸ்யாஹிக்கு முன்புறத்தில் தட்டி மீள்கின்றன. நம் மாணவருக்கு இடக்கை சற்று முந்தியதால் "கெநா" என இரண்டு ஓசைகள் கேட்டன. நான் அவரை வேகத்தைப் பாதியாக்கி, இரு கைகளையும் ஒரே உயரத்திலிருந்து இறக்கச் சொன்னேன்.