ஆன்-கால் படி, ஸ்டேண்ட்பை படி, ஓவர்டைம்: சொல் விளக்கம்

மதுரை இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள எல்காட் பூங்காவில் சப்போர்ட் வேலை பார்ப்பவர் ‘இந்த வாரம் நான் ஆன்-கால்’ என்றால், அவர் வேலையில் இருக்கிறார் என்றும் இல்லை, ஓய்வில் இருக்கிறார் என்றும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் போனை அணைக்க முடியாது. லேப்டாப் இல்லாமல் வெளியே போக முடியாது. சர்வர் விழுந்தால் குறித்த நிமிடத்துக்குள் எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த இடைநிலைக்குக் கொடுக்கும் தொகைதான் ஆன்-கால் படி. அதை ஓவர்டைம் என்று சொல்வதும், ஓவர்டைமுக்குப் பதிலாக அதைக் கொடுப்பதும் வேறு வேறு இரண்டைக் குழப்புவதாகும்.

முதலில் சொற்கள். ‘ஸ்டேண்ட்பை’ கப்பலோட்டிகளின் ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆணை வந்ததும் இயங்கத் தயாராக நில் என்பது பொருள். நம் ஊரில் இந்தச் சொல் பொருள்களுக்கும் ஒட்டிக்கொண்டது: ஸ்டேண்ட்பை ஜெனரேட்டர், ஸ்டேண்ட்பை வண்டி. ‘ஆன்-கால்’ மருத்துவமனை வழியாகப் பரவலானது. டாக்டர்கள் ‘கால் டியூட்டி’ என்பார்கள். பல நிறுவனங்கள் இரண்டையும் ஒரே பொருளில்தான் எழுதுகின்றன. பிரித்து எழுதும் இடங்களில், வீட்டிலிருந்தே லாகின் செய்து பார்ப்பது ஆன்-கால் என்றும், நேரில் வரத் தயாராக இருப்பது ஸ்டேண்ட்பை என்றும் வைத்துக்கொள்வதுண்டு. இதில் பொது விதி கிடையாது. உங்கள் நிறுவனத்தின் பாலிசியில் எப்படி எழுதியிருக்கிறதோ அதுதான் பொருள்.

அலவன்ஸுக்குப் ‘படி’ என்பது பொருத்தமான பழைய சொல். தானியம் அளக்கும் படியிலிருந்து, அன்றாடச் சாப்பாட்டுக்கு அளந்து கொடுப்பது என்ற பொருள் வந்து, பயணப்படி, அகவிலைப்படி என்று சம்பளப் பட்டியலில் ஏறியது. ஓவர்டைமுக்கு ‘மிகைநேர ஊதியம்’ என்ற சொல் வழக்கில் இருக்கிறது. அது படி அல்ல, ஊதியம். இந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஸ்டேண்ட்பைக்குக் ‘காத்திருப்புப் படி’ என்று மொழிபெயர்ப்பதைப் பார்க்கலாம். எங்கள் பரிந்துரை அது அல்ல. தமிழ்நாட்டு அரசு வழக்கில், பணியிடம் ஒதுக்கப்படாத அதிகாரியைக் ‘கட்டாயக் காத்திருப்பில்’ வைத்தார்கள் என்போம். அங்கே காத்திருப்பவருக்கு வேலையே இல்லை. ஸ்டேண்ட்பையில் இருப்பவருக்கோ வேலை எந்த நிமிடமும் வரலாம். ‘ஆயத்தப் படி’ என்பது சரியாக உட்காருகிறது. அழைப்பு வந்தபின் செய்யும் வேலையை ‘அழைப்புப் பணி’ எனலாம். ஆக ஆயத்தமாக இருப்பதற்குப் படி, அழைப்புப் பணிக்கு ஊதியம்.

இனி சட்டம். கடை, வணிக நிறுவனம் என்ற வகையில் வரும் அலுவலகங்களுக்கு 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 14-ஆம் பிரிவின்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. மிகைநேரத்தையும் சேர்த்தாலும் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மிகைநேரத்துக்கு வழக்கமான ஊதிய விகிதத்தைப் போல இரண்டு மடங்கு என்பது 31-ஆம் பிரிவு. ஆயத்தப் படி பற்றி இந்தச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. அது நியமனக் கடிதம், நிறுவனப் பாலிசி அல்லது தொழிற்சங்க ஒப்பந்தம் மூலமாக மட்டும் வருவது. ஆகவே படி எவ்வளவு என்பதில் பேரம் பேசலாம். அழைப்புப் பணியில் உழைத்த மணி நேரத்துக்கு இரண்டு மடங்கு என்பதில் பேரத்துக்கு இடமில்லை.

ஒரு வாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருமங்கலத்தில் வீடு, இலந்தைக்குளத்தில் அலுவலகம். திங்கள் முதல் சனி வரை காலை 9 முதல் மாலை 6 வரை வேலை, நடுவில் 1 மணி நேர இடைவேளை. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 24,000 ரூபாய். வேறு படிகள் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நிறுவனப் பாலிசிப்படி ஆயத்தப் படி வேலைநாள் ஒன்றுக்கு 250 ரூபாய், ஞாயிறுக்கு 500 ரூபாய். அந்த வாரம் இரண்டு அழைப்புகள். செவ்வாய் இரவு 11.40-க்கு வந்ததை வீட்டிலிருந்தே 1.10-க்கு முடித்தார். வெள்ளி இரவு 9 மணிக்கு வந்ததற்கு நேரில் போக வேண்டியிருந்தது. 9.45-க்கு அலுவலகம் சேர்ந்து, ஒரு சுவிட்சை மாற்றிவிட்டு 11.45-க்குக் கிளம்பினார்.

படி எளிது: ஆறு நாளுக்கு 1,500, ஞாயிறுக்கு 500, மொத்தம் 2,000 ரூபாய். அழைப்பே வராமல் போயிருந்தாலும் இந்தத் தொகை வந்தாக வேண்டும்.

ஊதியத்துக்கு மாதம் 26 வேலைநாள், நாளுக்கு 8 மணி என்று 208 மணி நேரம். 24,000-ஐ 208-ஆல் வகுத்தால் மணிக்கு 115.38 ரூபாய், இரண்டு மடங்கு 230.77. செவ்வாய் ஒன்றரை மணி, வெள்ளி இரண்டு மணி, ஆக மூன்றரை மணிக்கு 808 ரூபாய். படியோடு சேர்த்து அந்த வாரம் 2,808 வர வேண்டும். (26-க்குப் பதில் 30 நாளால் வகுக்கும் பேரோல் மென்பொருள்களும் உண்டு. அப்போது மணிக்கு 100 ரூபாய்தான் வரும், இரண்டு மடங்கில் மூன்றரை மணிக்கு 700. வகுக்கும் எண்ணை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.)

தவறு நடப்பது இங்கேதான். ‘உங்களுக்குத்தான் 2,000 கொடுத்தாகிவிட்டதே, 808 அதற்குள் அடங்கிவிட்டது’ என்று பேரோலில் சொல்வார்கள். அப்படிக் கழித்தால் அந்த ஆள் மூன்றரை மணி நேரம் இலவசமாக உழைத்தார் என்று ஆகும். ஏனென்றால் அழைப்பே வராத சக ஊழியருக்கும் அதே 2,000 கிடைத்திருக்கும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. வாரத்தின் 168 மணி நேரத்தில் அலுவலகத்தில் கழியும் 54 மணியை விட்டால், மீதி 114 மணியும் ஆயத்த நிலைதான். ‘போனோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள், முழுவதும் ஓவர்டைம்தான்’ என்று கேட்டால் 26,308 ரூபாய் வரும். ஒரு மாதச் சம்பளத்தையே தாண்டுகிறது. எந்த நிறுவனமும் கொடுக்காது. பெரும்பாலும் கேட்கும் உரிமையும் கிடையாது, தூங்குவதும் சாப்பிடுவதும் அதில்தானே அடக்கம். நம் கணக்கில் படி மணிக்கு 17 ரூபாய் 54 காசு, அதாவது வழக்கமான விகிதத்தில் சுமார் 15 சதவீதம். படி நியாயமா என்று பார்க்க இந்தச் சதவீதத்தைப் போட்டுப் பார்ப்பதுதான் வசதி. ‘வாரம் 2,000’ என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிவது மணிக்குப் பிரித்தால் சுருங்கிவிடும்.

ஆயத்த நிலை எப்போது வேலையாகவே மாறிவிடுகிறது என்பதற்கு நம் சட்டத்தில் நேரடி விடை இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 மார்ச்சில் தீர்த்த ஒரு வழக்கு இங்கே பயன்படும். ஸ்லோவேனியாவில் ஒரு மலைமேல் இருந்த ஒளிபரப்பு நிலையத்தின் தொழில்நுட்பப் பணியாளர் தொடுத்தது அது. ஆயத்த நேரத்துக்கு அவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம் கொடுத்தார்கள். அழைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும். முழு நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிடச் சொன்னார். நீதிமன்றம் கொடுத்த அளவுகோல், நிறுவனம் போடும் கட்டுப்பாடு அவருடைய சொந்த நேரத்தை எவ்வளவு ஆழமாகப் பாதிக்கிறது என்பதுதான். எவ்வளவு நேரத்தில் வர வேண்டும், எத்தனை முறை அழைக்கிறார்கள் என்பவற்றைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் பொழுதுபோக்க இடமில்லை என்பது கணக்கில் வராது. இதற்கு மூன்றாண்டு முன், 2018-இல், 8 நிமிடத்தில் தீயணைப்பு நிலையத்துக்கு வர வேண்டிய பெல்ஜிய வீரர் வீட்டில் இருந்த நேரத்தை அதே நீதிமன்றம் வேலை நேரம் என்றது. இவை இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் பாலிசி எழுதும்போது நல்ல அளவுகோல்.

15 நிமிடத்தில் லாகின் செய்தால் போதும் என்பதற்கும், 45 நிமிடத்தில் நேரில் வர வேண்டும் என்பதற்கும் படி ஒன்றாக இருக்கக் கூடாது. முதலாமவர் லேப்டாப்போடு கல்யாண வீட்டுக்குப் போகலாம். இரண்டாமவர் ஊரைத் தாண்டவே முடியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று திருமங்கலத்திலிருந்து நகரத்தின் ஊடே 45 நிமிடத்தில் யாரும் வர முடியாது. அந்த நாள்களுக்கு ஆற்றுக்கு வடகரையில் இருப்பவர் பெயரைப் பட்டியலில் போட வேண்டும். இல்லையென்றால் வர முடியாத நேரத்தைக் காட்டிப் படியைப் பிடிப்பார்கள்.

வெள்ளி இரவுக்குத் திரும்புவோம். போகவர முக்கால் மணி வீதம் ஒன்றரை மணி. அழைத்ததால் செய்த பயணத்தையும் வேலை நேரமாகப் பாலிசி ஏற்றால் மிகைநேரம் 5 மணி, தொகை 1,154. வாரக் கணக்கு 53, அது 54-க்குள் அடங்கும். நாள் கணக்கோ 11.5 மணி ஆகிவிடுகிறது, 10-ஐத் தாண்டுகிறது. சிக்கலைத் தவிர்க்க, நேரில் போகும் வேலைக்கு அன்று தாமதமாக ஷிஃப்ட் தொடங்கியவரை முதல் ஆளாக வைப்பார்கள். பணம் கொடுத்துவிட்டால் வரம்பை மீறலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டு மடங்கு என்பது வரம்புக்குள் செய்யும் மிகைநேரத்துக்கான விலைதான்.

இத்தனையும் நிற்பது நேரப் பதிவின் மேல். டிக்கெட் திறந்த நேரம், ஏற்றுக்கொண்ட நேரம், மூடிய நேரம் மூன்றும் வேறு வேறு. டிக்கெட்டை மறுநாள் காலை 9 மணிக்கு மூடினால் இரவு முழுவதும் உழைத்ததாகவும் தோன்றும், 5 நிமிடம் உழைத்ததாகவும் வாதிடலாம். ஏற்றுக்கொண்ட நேரத்தையும் கடைசியாகச் செயலாற்றிய நேரத்தையும் எடுத்து, வி.பி.என். லாகின் பதிவோடு ஒப்பிடுவதே சரி. ஏழு நிமிடத்தில் முடியும் அழைப்புக்கும் தூக்கம் கெடுகிறது என்பதால், குறைந்தபட்சம் அரை மணி அல்லது ஒரு மணி என்று பாலிசியில் வைக்கும் இடங்கள் உண்டு. அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

‘நீங்கள் லீட், மேனேஜர், உங்களுக்கு ஓ.டி. கிடையாது’ என்பதும் அடிக்கடி வரும். 1947 சட்டத்தின் 4-ஆம் பிரிவு நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு கொடுப்பது உண்மைதான். பார்க்க வேண்டியது வேலையின் தன்மையை, விசிட்டிங் கார்டில் இருக்கும் பெயரை அல்ல. யாருடைய விடுப்பையும் ஒப்புக்கொள்ளும் அதிகாரம் இல்லாமல், இரவில் தானே கேபிளைச் செருகுபவரை ‘டீம் லீட்’ என்று அழைத்தால் மட்டும் நிர்வாகியாகிவிட மாட்டார்.

சம்பளச் சீட்டில் இவை எந்தத் தலைப்பில் வருகின்றன என்றும் பாருங்கள். ‘இதர படி 2,808’ என்று ஒரே வரியில் வந்திருந்தால் எது படி, எது ஊதியம் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ‘ஆயத்தப் படி 2,000’, ‘மிகைநேர ஊதியம், 3.5 மணி, 808’ என்று இரண்டு வரியாகக் கேட்டு வாங்குங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் ஓவர்டைம் தொகை அடிப்படைச் சம்பளமாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி மாதாமாதம் கொடுக்கும் படியை, பெயர் எதுவானாலும், அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. எனவே முறை வைத்து மாறி மாறி வரும் படிக்கும், டீம் முழுவதற்கும் நிரந்தரமாகப் போடும் ‘ஆன்-கால் படி’க்கும் பிடித்தம் ஒன்றாக இருக்காது.