எல்லா இருமலும் முடி உருண்டை அல்ல

மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வீடுகளிலிருந்து என் கிளினிக்குக்கு வரும் பூனைகளில் இருமல் கேஸ் என்றால், பூனையோடு ஒரு பேஸ்ட் ட்யூபும் வந்துவிடும். பூனை நக்கி விழுங்கிய முடி வயிற்றில் சேர்ந்து ஆகும் முடி உருண்டைக்கான பேஸ்ட். கடைக்காரர் கொடுத்திருப்பார், அல்லது பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். மாதக்கணக்கில் அதை நக்கக் கொடுத்தும் இருமல் நிற்காதபோதுதான் டாக்டர் ஞாபகம் வருகிறது. அந்த இருமலுக்குக் காரணம் முடியாக இல்லாமல் ஆஸ்துமாவாக இருக்கலாம்.

போன மழைக்காலத்தில் வந்த பொம்மியும் அப்படித்தான். நாலு வயது, கருத்தடை செய்த பெண் பூனை, எடை 5 கிலோ. "தொண்டையில முடி மாட்டிண்டிருக்கு டாக்டர், வெளியிலேயே வரமாட்டேங்கறது" என்றார் மாமி. கடைசியாக எப்போது உருண்டை வெளியே வந்தது என்று கேட்டேன். "வந்ததே இல்லையே!"

அந்தப் பதிலிலேயே பாதி விஷயம் இருக்கிறது. மீதி, மாமியின் ஃபோனில் இருந்த வீடியோவில் இருந்தது. பொம்மி தரையோடு தரையாகப் பதுங்கி, முழங்கைகள் வெளியே தள்ளியிருக்க, கழுத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு 'கக், கக், கக்' என்று தொடர்ந்து இருமுகிறது. கடைசியில் எதையோ விழுங்குகிறது, உதட்டை நக்கிக்கொள்கிறது, ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து போய்விடுகிறது. விழுங்கியது முடி என்று மாமி நினைத்தார். அது சளி. பூனை துப்பாது, விழுங்கிவிடும்.

முடி உருண்டைக்கு ஓங்கரிக்கும் பூனை வேறு மாதிரி இருக்கும். இருமலில் கழுத்தும் மார்பும் வேலை செய்யும், ஓங்கரிப்பில் வயிறு வேலை செய்யும். விலாவுக்குப் பின்னால் வயிறு அலை அலையாக உள்ளே இழுப்பது கண்ணுக்கே தெரியும். வாய் அகலமாகத் திறக்கும், பெரும்பாலும் ஏதாவது வெளியே வரும்: விரல் போல நீண்ட ஈரமான முடிச்சுருள், அல்லது நுரை, அல்லது தின்ற சாப்பாடு. ஒரு சிக்கல், கடுமையாக இருமும் பூனை கடைசியில் ஓங்கரித்துக் கொஞ்சம் நுரையும் கக்கலாம். அதனால் முடிவை மட்டும் பார்க்காமல் தொடக்கத்திலிருந்து பாருங்கள். முடிந்தால் வீடியோ எடுங்கள். கிளினிக் மேஜையில் எந்தப் பூனையும் கேட்டவுடன் இருமிக் காட்டாது.

பொம்மிக்கு இருந்தது ஆஸ்துமா. அதில் நடப்பது இதுதான். மூச்சோடு உள்ளே போகும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் மூச்சுக்குழலின் உட்சுவர் வீங்குகிறது, சளி சேர்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. காற்று உள்ளே போய்விடும், வெளியே வரத்தான் திணறும். பொம்மியின் எக்ஸ்ரேயில் மூச்சுக்குழல் சுவர்கள் தடித்து, சின்னச் சின்ன வளையங்களாகத் தெரிந்தன. எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் ஆஸ்துமா இல்லை என்று சொல்லிவிட முடியாது. நுரையீரல் புழு இதே மாதிரி இருமலைத் தரும் என்பதால் மலப் பரிசோதனையும் புழு மருந்தும் முதலிலேயே முடித்துவிடுவேன். இதயத்தையும் பார்த்துக்கொள்வேன். நாய்போலப் பூனை இதய நோயில் அதிகம் இருமாது என்றாலும், மறைந்திருக்கும் இதயக் கோளாறு ஸ்டீராய்டு கொடுத்ததும் முற்றிவிடக்கூடும்.

ஸ்டீராய்டு என்றதும் மாமி முகம் சுருங்கியது. ஆனால் வீக்கத்தை அடக்க அதுதான் மருந்து. ஆரம்பத்தில் பிரெட்னிசலோன் மாத்திரை, இரண்டு வாரத்துக்குப் பிறகு படிப்படியாகக் குறைப்பு. கூடவே ஃப்ளூட்டிகசோன் இன்ஹேலர். மனிதர்களுக்கு விற்கும் அதே பம்ப்தான். பூனை முகத்துக்குப் பொருந்தும் சின்ன மாஸ்க் வைத்த ஸ்பேசர் குழாய் வழியாக, காலையும் மாலையும். பம்பை அழுத்தியதும் எடுத்துவிடக் கூடாது. பூனை 7 முதல் 10 தடவை மூச்சு விடும்வரை மாஸ்க் முகத்தில் இருக்க வேண்டும். இந்த மருந்து முழுசாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும். 'பம்ப் வந்தாச்சே' என்று மாத்திரையை உடனே நிறுத்தியவர்கள் வீட்டில்தான் இருமல் திரும்பி வருகிறது. மாஸ்க்குக்குப் பழக்க, முதல் சில நாள் மருந்தே இல்லாமல் மாஸ்க்குக்குள் கொஞ்சம் மீன் குழம்பு— மன்னிக்கவும், உப்பு காரம் போடாத வேகவைத்த மீன்— வைத்து மூக்கை நுழைக்க விடுங்கள். மாமி வீட்டில் மீன் கிடையாது, பூனைக்கான க்ரீம் பாக்கெட் அந்த வேலையைச் செய்தது.

ஒரே ஊசியில் ஒரு மாதம் இருமல் நிற்கும் என்று சிலர் கேட்டு வருவார்கள். நீண்டநாள் நிற்கும் அந்த ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் உண்டு. வேறு வழியே இல்லாதபோது மட்டும்தான் நான் போடுவேன்.

அப்புறம் வீடு. இருமல் வரும் நேரத்தை ஒரு காலண்டரில் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். வந்த காலண்டரில் வெள்ளிக்கிழமை மாலைகளும், காலையில் மலப்பெட்டியில் புது மணல் கொட்டும் நேரமும் தனியாகத் தெரிந்தன. வெள்ளிக்கிழமைக்குக் காரணம் சாம்பிராணி. மழை என்று ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்க, புகை வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ராத்திரிக்குக் கொசுவத்தி வேறு.

புகை விஷயத்தில் நான் பேரம் பேசுவதில்லை. கொசுவத்திக்குப் பதில் ஜன்னலுக்கு வலை அடித்தார்கள். வலை பூனை கீழே விழாமலும் காக்கும், மும்பை அடுக்குமாடிகளில் அது சின்ன விஷயம் இல்லை. சாம்பிராணி விஷயத்தில் மாமியே ஒரு வழி கண்டுபிடித்தார்: நாள் கிழமையில் மட்டும், அதுவும் வெளி பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டு. மணலில் மெல்லிய களிமண் தூசி பறக்கும் வகையை விட்டு, மரத்தூள் குச்சிகளுக்கு மாறினார்கள். ஒரே நாளில் மாற்றினால் பூனை பெட்டியைப் புறக்கணித்துவிடும், பழையதோடு கலந்து கலந்து மாற்ற வேண்டும். பெட்டியின் மூடியையும் கழற்றிவிட்டார்கள், உள்ளே தூசி தங்கக் கூடாது. ஃபினாயிலையும் நிறுத்தினார்கள். அது ஆஸ்துமா இல்லாத பூனைக்குமே நஞ்சு. தைல டிஃப்யூசரும் வேண்டாம், சளிக்கு நல்லது என்று யூகலிப்டஸ் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம். அலமாரிக்குப் பின்னால் மழையில் பூத்த பூஞ்சையைத் துடைத்தது கடைசி வேலை.

இருமல் வெகுவாகக் குறைந்தது, ஆனால் போய்விடவில்லை. பம்ப் அளவைக் குறைத்துப் பார்த்தோம், தீபாவளிப் புகையில் மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. இது அடக்கி வைக்கும் நோய், தீர்த்துவிடும் நோய் அல்ல.

வீட்டில் கவனிக்க ஒரு எண் போதும். நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் சரி. பல தடவை எண்ணியும் அதற்கு மேலேயே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ தெரிந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். டாக்டர் முன்பே, மூச்சுக்குழலைச் சீக்கிரம் விரிக்கும் சால்புட்டமால் பம்ப் கொடுத்துச் சொல்லித் தந்திருந்தால் அதைக் கொடுங்கள், கூண்டில் வைத்து உடனே புறப்படுங்கள். துண்டில் இறுக்கிச் சுற்றுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது, வீட்டிலிருக்கும் இருமல் சிரப் கொடுப்பது, எதுவும் கூடாது. வழியிலேயே கிளினிக்குக்கு ஃபோன் செய்து, பூனைக்கு மூச்சுத் திணறல், ஆக்சிஜன் தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.