மேசைக்குப் பின்னால் ஆளை உட்கார வைக்கும்போது

குடும்பப் படத்தில் ஒருவர் மட்டும் இல்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றி எல்லோரும் இருக்க, எதிர்வரிசையில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் தம்பியை அதில் உட்கார வைத்துத் தரச் சொல்லி ஸ்டூடியோவுக்கு வருகிறார்கள். முகத்தின் நிறம், வெளிச்சம் எல்லாம் பொருந்தியும் சில படங்கள் ஒட்டவைத்ததுபோலவே தெரியும். பெரும்பாலும் எது முன்னால், எது பின்னால் என்ற கணக்குதான் அங்கே தவறியிருக்கும்.

முதலில் நாற்காலியைக் கவனியுங்கள். காலி நாற்காலியை மேசையோடு ஒட்டித் தள்ளி வைப்பதுதான் வழக்கம். முதுகுச்சாய்வுக்கும் மேசை விளிம்புக்கும் நடுவே ஆள் உட்கார 30, 40 செ.மீ. இடமாவது வேண்டும். அந்த இடம் இல்லாத நாற்காலியில் ஆளை வைத்தால், உடம்பு அட்டைபோல் தட்டையாகத் தெரியும். அதனால் நாற்காலியைத் தனியாக வெட்டி எடுத்து, பின்னால் இருக்கும் சுவரை நிரப்பிவிட்டு, அதைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். கேமராவிலிருந்து 3 மீட்டரில் இருந்த நாற்காலி 30 செ.மீ. பின்னால் போனால் அதன் அளவு 3-ஐ 3.3-ஆல் வகுத்த மதிப்பு, அதாவது ஏறத்தாழ 91 சதவீதம். இருந்த இடத்திலேயே சுருக்கக் கூடாது. மேசை விளிம்பு படத்தின் அகலத்துக்கு இணையாக இருந்து, கேமராவும் சாயாமல் நேராகப் பிடிக்கப்பட்டிருந்தால், Photoshop-இன் Free Transform மையப்புள்ளியைப் படத்தின் நட்டநடுவுக்கு இழுத்து வைத்துச் சுருக்குங்கள். நாற்காலி தானாகவே சற்று மேலேறி, நடுப்பக்கம் நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும்.

அடுத்தது ஆள். வெட்டிய உருவத்தை Smart Object ஆக்கி, Ctrl+J கொடுத்து மூன்று பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள்: உடம்பு, கை, கால். Smart Object-ஐத் திறந்து உள்ளே நிறத்தைத் திருத்தினால் மூன்றும் சேர்ந்து மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குரூப்பில் போடுங்கள். மேசையோடு நிற்கவேண்டிய மறைப்பு குரூப்பின் மாஸ்கில் இருக்கட்டும்; ஆளோடு நகரவேண்டியது லேயரின் மாஸ்கில் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே மாஸ்கில் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் கேட்டாரென்று ஆளைக் கொஞ்சம் தள்ளினால் மேசை விளிம்பும் கூடவே தள்ளிப்போகும்.

உடம்புக் குரூப்பில், மேசையின் தூர விளிம்பை பென் டூலால் வரைந்து, அதற்குக் கீழே உள்ளதை மறையுங்கள். மடி அங்கே மறைந்துவிடும். கை மட்டும் அந்தக் கோட்டைத் தாண்டிப் பலகையின்மேல் வரவேண்டும். கை லேயரின் மாஸ்கை முழுக்கக் கறுப்பாக்கி, முன்கையும் விரல்களும் வரும் இடத்தில் மட்டும் வெள்ளை பூசுங்கள். இதைச் செய்யாவிட்டால் கை விளிம்பிலேயே வெட்டுப்பட்டு, மரத்திலிருந்து முளைத்ததுபோல் இருக்கும். கைக்கு முன்னால் டம்ளர் இருந்தால், அதன் வடிவத்தைக் கைக் குரூப்பின் மாஸ்கில் கறுப்பாக்க வேண்டும். அடிக்கடி விட்டுப்போவது இதுதான். மாஸ்க் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கக் கூடாது. படத்தில் அசல் மேசை விளிம்பு எவ்வளவு மழுங்கியிருக்கிறதோ, அதே அளவு மழுங்கட்டும்.

கைக்குக் கீழே நிழல் இல்லாவிட்டால் கை மிதக்கும். Multiply-இல் இரண்டு லேயர்கள் போதும்: விரல் மேசையைத் தொடும் இடத்தை ஒட்டி மெல்லிய, அடர்ந்த கோடு ஒன்று, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் பரவும் மங்கலான நிழல் ஒன்று. நிறத்தை மேசையில் ஏற்கெனவே விழுந்திருக்கும் நிழலிலிருந்து எடுங்கள். வெறும் கறுப்பு வைத்தால் அழுக்குபோல் தெரியும். பளபளப்பான மேசை என்றால், பக்கத்துப் பாத்திரத்தின் பிரதிபலிப்பு தெரியும் அளவுக்குக் கையும் தெரியவேண்டும்.

துணி விரித்த மேசையில் கால் வேலை கிடையாது. கீழே திறந்திருந்தால், பின்னாலிருந்து முன்னாக இந்த வரிசை: நாற்காலிக் கால்கள், ஆளின் கால்கள், மேசைக் கால்கள், மேசைச் சட்டம். முழங்கால் மேசைக்கடியில் முன்னால் நீள்வதால், பாதம் நாற்காலியின் முன்கால்களைவிடப் படத்தில் சற்றுக் கீழே படியும். மேலே இருக்கும் வெளிச்சம் கீழே கிடையாது; பக்கத்தில் இருப்பவர் காலைப் பார்த்து அதே அளவு இருட்டாக்குங்கள்.

அளவு சரியா என்று பார்க்க முகத்தை மட்டும் நம்பாதீர்கள். சாதாரண மேசையின் உயரம் 75 செ.மீ.; உட்கார்ந்த பெரியவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. ஆகவே, மேசைமட்டத்திலிருந்து கண்வரை சுமார் 45 செ.மீ. வரவேண்டும். அதே வரிசையில் இருக்கும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் உடனே தெரியும். முகம் பொருந்தியும் தோள் மிகத் தாழ்ந்திருந்தால், பெரியவர் குழந்தைபோல் மேசைக்குள் புதைந்திருப்பார்.

தம்பி நின்றுகொண்டிருக்கும் படத்தை வைத்து இதில் எதையும் முழுதாகச் சரிக்கட்ட முடியாது. தம்பியிடம் புதுப்படம் கேட்பதே நல்லது: மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இரு முன்கைகளையும் பலகைமேல் வைத்து, குடும்பப் படம் எடுத்த அதே உயரத்தில், அதே தூரத்தில் கேமரா இருக்கட்டும். கோப்பின் பெயரிலேயே ‘இணைத்த படம்’ என்று சேர்த்து, அசலையும் கூடவே கொடுத்துவிடுங்கள். அன்று அவர் அங்கே இருந்தார் என்பதற்கு ஆதாரமாக அந்தப் படத்தைப் பின்னால் யாரும் நீட்டக் கூடாது.