காலாண்டு மீளாய்வில் எந்த இலக்கைக் கைவிடுவது?

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தம் இலக்குகளை மீளாய்வு செய்வோர் பெரும்பாலும் ஒவ்வொன்றிலும் எவ்வளவு முடிந்தது என்றுதான் பார்க்கிறார்கள்; எதற்காகத் தொடங்கினோமோ அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. மட்டக்களப்பில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் நான் முதலில் கேட்பது அதைத்தான்.

களுவாஞ்சிகுடிப் பக்கத்து அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் (அடையாள விவரங்களை மாற்றியிருக்கிறேன்) தை மாதத்தில் மூன்று இலக்குகளை எழுதியிருந்தார்: பட்டப்பின் டிப்ளோமா, ஆங்கிலப் பேச்சு வகுப்பு, அடகு வைத்த நகையை மீட்பது. மாசியில் அவருடைய தாயார் பக்கவாதத்தால் படுக்கையானார். சித்திரை விடுமுறையில் மீளாய்வு செய்தபோது, படிப்பு இரண்டும் பின்தங்கியதைக் கண்டு, இனி அதிகாலை நான்கு மணிக்கு எழுவதென்று முடிவெடுத்து, ஒரு வாரத்திலேயே சோர்ந்துபோய் என்னிடம் வந்தார்.

ஒவ்வொரு இலக்குக்கும் எதிரே அதைத் தொடங்கிய காரணத்தை எழுதச் சொன்னேன். டிப்ளோமா, கொழும்புக்கு மாற்றலாகிப் போகும் எண்ணத்தில் தொடங்கியது. தாயாரை விட்டு இனி ஊரைத் தாண்டுவதில்லை என்று அவர் ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். பிறகு நாட்குறிப்பைப் புரட்டினோம். சகோதரி வந்து தாயாரைப் பார்த்துக்கொண்ட சனிக்கிழமைகளில் அவர் ஆங்கில வகுப்புக்குத் தவறாமல் போயிருந்தார். ஆனால் அதே நாட்களில் டிப்ளோமா ஒப்படையைத் திறக்கவே இல்லை. நேரம் கிடைத்தவுடன் கை தானாகப் போகும் இலக்குக்கு ஓய்வோ, அளவைக் குறைப்பதோ போதும். நேரம் கிடைத்தும் கை போகாமல், காரணமும் காலாவதியாகியிருந்தால், அதை அகற்றலாம்.

“காசு கட்டிட்டன் மிஸ், இப்ப விட்டா எல்லாம் வீண்தானே” என்றார். கட்டிய காசு தொடர்ந்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. ஆகவே, காசே கட்டாத நிலையில் இன்று விண்ணப்பப் படிவம் கைக்கு வந்தால் நிரப்புவாரா என்று கேட்டேன். இல்லை என்று சொல்ல அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

பட்டியலில் கோடு கிழிப்பதோடு நின்றுவிட்டால் அந்த இலக்கு மனதின் ஓரத்தில் நின்று நச்சரித்துக்கொண்டே இருக்கும் என்பதால், முறையாக முடித்துவைக்க வேண்டும். அவர் நிறுவனத்துக்கு விலகல் கடிதம் கொடுத்தார், வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார், குறிப்புகளை இளைய சக ஊழியர் ஒருவருக்குக் கொடுத்தார். கார்ஸ்டன் ரோஷ் முதலான உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், எட்டமுடியாத இலக்கை விட்டுவிடும் திறனோடு, பொருளுள்ள வேறொன்றில் ஈடுபடும் திறனும் மனநலத்தோடு தொடர்புபட்டிருந்தது. அதனால் விடுபட்ட நேரத்தைத் தாயாரின் இயன்மருத்துவப் பயிற்சிக்கு அன்றே ஒதுக்கிக்கொண்டார்.

ஒரு எச்சரிக்கை: ஒன்றிரண்டு அல்லாமல் எல்லா இலக்குகளுமே அர்த்தமற்றவையாகத் தோன்றி, உறக்கமும் பசியும் குறைந்து, அந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது எதையும் கைவிடத் தீர்மானிக்காமல், முதலில் வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.