செலவு 9 மடங்கு ஏறினா சாம்பிளை ஏன் 3 மடங்கு மட்டும் குறைக்கணும்?

சர்வே எடுக்கும்போது மக்களை அடுக்கு அடுக்கா பிரிச்சுட்டு எந்த அடுக்குல எத்தனை பேர்கிட்ட பேசலாம்னு முடிவு பண்ணணும். பெரிய அடுக்குல நிறைய பேர், பதில்கள் ரொம்ப சிதறியிருக்கற அடுக்குலயும் நிறைய பேர், இது வரைக்கும் புள்ளியியலாளர் நெய்மன் 1934-ல எழுதின கட்டுரை மூலமா எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா ஒரு அடுக்குல போன்லயே வேலை முடியுது, இன்னொண்ணுல நேர்லயே போயாகணும்னா?

ஒரு கணக்கு போடுவோம். முதல் அடுக்கு மக்கள்தொகைல 80%, ஸ்டாண்டர்ட் டீவியேஷன் 10, ஒரு இன்டர்வியூவுக்கு செலவு 1. ரெண்டாவது அடுக்கு 20%, டீவியேஷன் 20, செலவு 9. மொத்த பட்ஜெட் 1800. சராசரியோட வேரியன்ஸ் எவ்வளவு கம்மியோ அவ்வளவு நல்லது.

செலவையே பாக்காம நெய்மன் சொன்ன மாதிரி அடுக்கோட பங்கையும் டீவியேஷனையும் பெருக்கி 2:1-னு பிரிச்சா 327 பேரும் 163 பேரும் வருவாங்க, வேரியன்ஸ் கிட்டத்தட்ட 0.293. சரி, காஸ்ட்லியா இருக்கேன்னு செலவால அப்படியே வகுத்தா 1200 பேரும் 67 பேரும், வேரியன்ஸ் அதே 0.293! இது தற்செயல் இல்ல, செலவை கண்டுக்காம விடறதும் முழுசா வகுக்கறதும் எப்பவுமே ஒரே அளவு நஷ்டம்தான் தரும், கணக்கே அப்படி அமைஞ்சிருக்கு. நடுவுல செலவோட ஸ்கொயர் ரூட்டால வகுத்தா 720, 120, வேரியன்ஸ் 0.222.

n_h ∝ W_h S_h / √c_h

இதுல h-ங்கறது அடுக்கு, n அந்த அடுக்குல பேசற ஆட்களோட எண்ணிக்கை, W மக்கள்தொகைல அதோட பங்கு, S டீவியேஷன், c ஒரு இன்டர்வியூவுக்கு செலவு. ரூட் எங்கேர்ந்து வருதுன்னா, ஒரு அடுக்குல இன்னும் ஒருத்தர்கிட்ட பேசினா வேரியன்ஸ் குறையற அளவு W²S²/n², அதாவது பேச பேச பலன் n ஸ்கொயர் வேகத்துல தேஞ்சுகிட்டே போகும். அதை c-ஆல வகுத்தா ஒரு ரூபா செலவுக்கு கிடைக்கற பலன், ரெண்டு அடுக்குலயும் அது சமமாகற வரைக்கும் காசை அங்கேர்ந்து இங்க மாத்திகிட்டே இருக்கலாம், சமமான இடத்துல n-ஐ தனியா எடுத்தா c ரூட்டுக்குள்ள போயிடும்.

மக்கள்தொகை விகிதத்துலயே, அதாவது 4:1-னு, சும்மா பிரிச்சிருந்தாக்கூட வேரியன்ஸ் 0.231தான் வந்திருக்கும், செலவை பாக்காம நெய்மன் முறைல பிரிச்சதை விட எவ்வளவோ மேல். வேரியன்ஸ் ரொம்ப கம்மியா இருக்கற புள்ளிக்கு பக்கத்துல கணக்கு ரொம்ப தட்டையா இருக்கும், அதனால டீவியேஷனை பழைய சர்வேலேர்ந்து குத்துமதிப்பா எடுத்தாலும் பெருசா கெட்டுப்போகாது.

நிறைய பேர் சொதப்பறது c-லதான். ஆபீஸ் வாடகை, ட்ரெய்னிங் மாதிரி எத்தனை பேரை எடுத்தாலும் மாறாத செலவை முதல்லயே பட்ஜெட்லேர்ந்து கழிச்சிடணும், அது c-ல வரக்கூடாது. ஆனா ஆள் இல்லாம திரும்பி வந்த பயணங்கள் c-ல கண்டிப்பா வரணும், ஏன்னா c-ங்கறது முடிஞ்ச ஒரு இன்டர்வியூவுக்கு ஆகற செலவு. மூணு தடவை போனா ஒரு தடவைதான் ஆள் கிடைக்கறாங்கன்னா c-யும் கிட்டத்தட்ட மூணு மடங்குதான்.