கண்ணின் நிறத்தை மாற்றலாம், அதன் மினுக்கை மாற்றக் கூடாது

உருவப்படம் வரையும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஒரு கதாபாத்திரத்துக்கு சாம்பல் நீலக் கண் வேண்டும். என்னிடம் இருக்கும் மாதிரிப் படத்தில் பெண்ணுக்கு அடர் பழுப்புக் கண். கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றிப் பார்த்தேன், பொம்மைக் கண் மாதிரி வருகிறது. எங்கே தப்பு?" படத்தையும் அனுப்பியிருந்தார். இடப்பக்கம் ஒரு ஜன்னல், அதன் வெளிச்சம் கண்ணில் பத்து மணி முள் இருக்கும் இடத்தில் வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறது. நல்ல படம். அவர் செய்த வேலையும் மோசமில்லை. ஆனால் அந்தச் சதுரத்தைச் சுற்றி ஆகாய நீலத்தில் ஒரு விளிம்பு விழுந்திருந்தது, மற்ற இடமெல்லாம் பேனா மை கொட்டியது போல் இருண்டு கிடந்தது. இந்த இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

பள்ளியில் படித்ததைச் சட்டென்று நினைவுபடுத்திக்கொள்வோம். முன்னால் கண்ணாடி போன்ற கார்னியா, அதன் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம், சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஐரிஸ், அதன் நடுவே துளையாகப் பாவை. ஐரிஸின் நிறம் மெலனின் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிறைய இருந்தால் பழுப்பு. மிகக் குறைவாக இருந்தால், ஐரிஸின் நார்களில் பட்டு ஒளி சிதறும்போது நீலம் அதிகமாகத் திரும்பி வருகிறது, கண் நீலமாகத் தெரிகிறது. நீலச் சாயம் என்று தனியாக எதுவும் உள்ளே இல்லை. பச்சை இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது.

இப்போது படத்துக்கு வருவோம். கண்ணிலிருந்து கேமராவுக்குப் போகும் ஒளி இரண்டு இடங்களிலிருந்து கிளம்புகிறது. ஒரு பகுதி கண்ணீர்ப் படலத்தின் மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்புகிறது. நேராக விழும் ஒளியில் இது சுமார் 2 சதவீதம்தான், ஆனால் ஜன்னல் அவ்வளவு பிரகாசம் என்பதால் அந்த 2 சதவீதமே வெள்ளை மினுக்காகப் போதும். இந்த ஒளி ஐரிஸைத் தொட்டதே இல்லை. அதனால் அதில் ஐரிஸின் நிறம் துளியும் கிடையாது, ஜன்னலின் நிறம்தான் இருக்கும். மீதி ஒளி உள்ளே போய், ஐரிஸில் பட்டு, அதன் நிறத்தை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் விளக்கு பளிச்சிடுவதை நினைத்துப் பாருங்கள்: உள்ளே இருக்கும் முகப்பு கறுப்போ தங்கமோ, அந்தப் பளிச்சு மாறாது. கண்ணின் நிறத்தை மாற்றுவது என்றால் இரண்டாவது ஒளியை மட்டும் மாற்றுவது. முதலாவதைத் தொட்டால் நம் கண் உடனே கண்டுபிடித்துவிடுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும்.

வாசகி போட்டோஷாப்பில் Color என்ற கலப்பு முறையைப் பயன்படுத்தியிருக்கிறார். பெரும்பாலோர் செய்வது இதுதான். அது என்ன செய்கிறது என்றால், கீழே உள்ள படத்தின் பிரகாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மேலிருந்து எடுக்கிறது. பிரகாசத்தை அது கணக்கிடும் விதம் இது:

```
L = 0.30 R + 0.59 G + 0.11 B
```

இதில் L பிரகாசம், R, G, B என்பவை சிவப்பு, பச்சை, நீலத்தின் அளவுகள், எல்லாம் 0 முதல் 255 வரை. மேலே பூசிய நீலம் (70, 110, 150) என்று வைத்துக்கொள்வோம். அதன் L சுமார் 102. மினுக்கின் நடுவே (255, 255, 255) இருக்கும் இடத்தில் கணக்கு வெள்ளையாகவே முடிகிறது, அங்கே தொல்லை இல்லை. மினுக்கின் ஓரத்தில், ஜன்னல் மெல்ல மங்கும் இடத்தில், (200, 190, 180) என்று ஒரு புள்ளி. அதன் L 192. நீலத்தின் மூன்று எண்களிலும் அந்த வித்தியாசம் கூட்டப்பட்டு (160, 200, 240) ஆகிறது. வெளிர்சாம்பலாக இருக்க வேண்டிய ஜன்னல் ஓரம் ஆகாய நீலமாகிவிட்டது. மறுபக்கம், ஐரிஸின் இருண்ட புள்ளி ஒன்று (60, 38, 24). அதன் L 43. இப்போது அதே நீலத்திலிருந்து கழிக்க வேண்டும், வருவது (11, 51, 91). அதுதான் அந்தப் பேனா மை. கருவி சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறது. ஆனால் இரண்டு விதமான ஒளி கலந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பழுப்புக் கண் நீலக் கண்ணைவிட இருட்டானது என்பதும் தெரியாது.

ஆகவே நிறம் பூசுவதற்கு முன்னால் ஐரிஸை வெளுக்க வேண்டும். எப்படி வெளுக்கிறோம் என்பதில்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் ஒளிந்திருக்கிறது.

ஜன்னல் பத்து மணிப் பக்கம் இருக்கிறது, மினுக்கும் அங்கேயே விழுகிறது. ஆனால் ஐரிஸில் எந்தப் பக்கம் அதிகப் பிரகாசம்? வெளிச்சம் வரும் பக்கம் என்றுதான் தோன்றும். உண்மையில் அதற்கு நேர் எதிரே, நான்கு மணிப் பக்கம். கார்னியா வெறும் மூடி அல்ல, அது ஒரு வலுவான லென்சு. கண்ணின் மொத்தத் திறனில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 43 டயாப்டர், அதனுடையது. பக்கவாட்டில் வரும் ஒளியை அது வளைத்து, உள்ளே குவித்து, எதிர்ப்பக்க ஐரிஸின் மேல் பிறை வடிவத்தில் கொட்டுகிறது. பழைய ஓவியர்கள் மினுக்குக்கு எதிரே ஒரு வெளிறிய பிறையை வைத்ததன் காரணம் இதுதான். லென்சுக் கணக்கு போட்டு அவர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அது எனக்கு இன்னும் வியப்பு. கண் மருத்துவர்களும் இதே பக்கவாட்டு ஒளியை வைத்து ஒரு எளிய சோதனை செய்வார்கள்: காதுப் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் மூக்குப் பக்க ஐரிஸ் வரை வெளிச்சம் பரவ வேண்டும். அங்கே நிழல் விழுந்தால் ஐரிஸ் முன்னால் உப்பி, அதற்கும் கார்னியாவுக்கும் நடுவே இடம் குறுகியிருக்கிறது என்று சந்தேகிப்பார்கள்.

மினுக்கும் பிறையும் ஒரே ஜன்னலின் பிள்ளைகள், ஆனால் நிற விஷயத்தில் நேர் எதிர். மினுக்கில் ஐரிஸின் நிறமே கிடையாது, பிறையிலோ அந்த நிறம் மிகத் தெளிவாக இருக்கும். அடர் பழுப்புக் கண்ணில்கூட அந்த இடம் மட்டும் தேன் நிறத்தில் ஒளிர்வதைப் பார்க்கலாம்.

எனவே வெளுக்கும்போது பிறையைக் காப்பாற்ற வேண்டும். வாசகியின் படத்தில் ஐரிஸின் மேல் பாதி 25 அளவில் இருக்கிறது, பிறை 60 அளவில். பிறை இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசம். எல்லாவற்றிலும் 60 கூட்டினால் 85, 120 என்றாகி அந்த வித்தியாசம் ஒன்றரை மடங்குக்கும் கீழே போய்விடும், கண் தட்டையாகிவிடும். பெருக்கினால் விகிதம் அப்படியே இருக்கும்: 55, 132. Curves-இல் இதைச் செய்வது சுலபம். கீழ் இடது மூலையை அசைக்காமல், மேல் வலது முனையை மேல் விளிம்போடு இடப்பக்கம் இழுக்க வேண்டும். 255-இலிருந்து 116 வரை இழுத்தால் எல்லாம் சுமார் 2.2 மடங்காகும். இது ஐரிஸுக்கு மட்டும் நடக்கும்படி மாஸ்க் போட வேண்டும். பாவையை வெளியே விட்டுவிடுங்கள், அது கறுப்பாகவே இருக்கட்டும். மாஸ்க்கின் வெளி விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருக்கக் கூடாது. ஐரிஸும் கண்ணின் வெள்ளையும் சேரும் இடம் இயல்பிலேயே மங்கலானது, கொஞ்சம் கருமை படிந்த வளையம். அந்த வளையத்தை வெளுத்துவிட்டால் கான்டாக்ட் லென்சு மாட்டியது போல் ஆகிவிடும்.

அப்புறம் நிறம். அந்த (70, 110, 150) நீலம் கண்ணுக்கு அதிகம். நீலக்கண் உள்ளவர்களின் படத்தில் ஐரிஸைத் தொட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட மிகச் சாம்பலாக இருக்கும். (95, 115, 130) போட்டுப் பார்ப்போம். நம் இருண்ட புள்ளி 2.2 மடங்கில் (132, 84, 53) ஆகியிருக்கிறது, அதன் மேல் இந்த நிறம் Color முறையில் விழுந்தால் (79, 99, 114). இது மனிதக் கண்ணின் நிறம்.

மினுக்குக்கு என் வழி எளியது. அசல் படத்தின் பிரதியை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, கண்ணைத் தவிர மற்றதை மாஸ்க்கால் மறைத்துவிட்டு, லேயர் அமைப்பில் Blend If பகுதிக்குப் போங்கள். This Layer-இன் கறுப்பு முக்கோணத்தை Alt அழுத்தியபடி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை 110-இலும் மறுபாதியை 170-இலும் நிறுத்துங்கள். 110-க்குக் கீழே உள்ளது மறைந்துவிடும், 170-க்கு மேலே உள்ளது அசல் மினுக்காக முழுசாகத் திரும்பி வரும், நடுவில் இருப்பது மெல்ல மெல்லக் கரையும். ஓரம் இன்னும் லேசாகப் பழுப்படித்தால் இந்தப் பிரதியின் நிறச்செறிவை மட்டும் குறைத்தால் போதும். கிம்ப் மென்பொருளில் லேயர் மாஸ்க் சேர்க்கும்போது Grayscale copy of layer தேர்ந்து, அந்த மாஸ்க்கை Levels கொண்டு இறுக்கினால் இதே பலன். பழுப்புக் கண்ணில் மினுக்கைத் தவிர எதுவும் 110-ஐத் தொடாது என்பதால்தான் இது இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது. வெளிர் கண்ணிலிருந்து தொடங்கினால் ஐரிஸின் நார்களே அந்த அளவுக்கு வெளுத்திருக்கும், மினுக்கைத் தூரிகையால்தான் பிரிக்க வேண்டும்.

இனி எல்லை. அடர் பழுப்புக் கண்ணின் முன்பக்கத்தை மெலனின் நிறைந்த ஓர் அடுக்கு போர்த்தியிருக்கிறது. அதனால் கீழே உள்ள நார்கள் தெரியாது, வட்ட வட்டமான சுருக்கங்கள்தான் தெரியும். நீலக் கண்ணில் அந்தப் போர்வை மெலிந்து, பாவையைச் சுற்றி ஆரக்கால்களாக ஓடும் வெள்ளை நார்களும் அவற்றுக்கு இடையே குழிகளும் வெளியே தெரியும். படத்தில் பதிவாகாத நாரை எந்தக் கருவியாலும் வெளியே எடுக்க முடியாது. போனில் எடுத்த படமானால் இருண்ட பகுதியை இரண்டு மடங்காக்கும்போது கட்டம் கட்டமாகவும் உடையும். எனவே வாசகிக்கு என் யோசனை: சாம்பல் நீலம்தான் வேண்டும் என்றால் நிறத்தையும் ஒளியையும் இந்தப் படத்திலிருந்து எடுங்கள், நார்களை வேறொரு நீலக் கண்ணைப் பார்த்து வரையுங்கள். பாசிப்பச்சையோ வெளிர் பழுப்போ போதும் என்றால் இந்தப் படமே போதும், பெருக்கலும் ஒன்றரை மடங்கோடு நிற்கும். பாவையிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நெளிநெளியாக ஒரு வளையம் இருக்கும். பச்சைக் கண்களில் பல நேரம் அதற்கு உள்ளே பழுப்பு தங்கியிருக்கும். அந்த உள்வட்டத்தில் நிறப் பூச்சை முக்கால்வாசி அழித்துவிடுங்கள், கண் உடனே உயிர் பெறும்.

அந்த வளையத்தையும் குழிகளையும் பார்த்துச் சிறுநீரகம், கல்லீரல் நோயெல்லாம் சொல்வதாக 'ஐரிடாலஜி' என்று ஒரு வியாபாரம் நம் ஊரிலும் நடக்கிறது. 1979-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில் 143 பேரின் கண் படங்களைக் கொடுத்து, இவர்களில் சிறுநீரக நோயாளி யார் என்று கேட்டார்கள். ஐரிடாலஜிக்காரர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நார்களின் அமைப்பு பெரும்பாலும் பிறவியிலேயே வருவது. அதில் ஜாதகம் பார்ப்பவரிடம் கொடுக்கும் பணத்தை ஓர் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வேலை முடிந்ததும் படத்தை மூன்று விதமாகப் பாருங்கள். முதலில் கறுப்பு வெள்ளையாக்கி: பிறை இன்னும் நான்கு மணியில் தெரிகிறதா, மேல் இமையின் நிழல் ஐரிஸின் உச்சியில் விழுகிறதா? அந்த நிழல் வெளுத்திருந்தால் மாஸ்க்கின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் அழியுங்கள். அடுத்து மினுக்கின் ஓரத்தைப் பெரிதாக்கி Eyedropper கருவியால் தொட்டு, எண்களை மூக்கு நுனியின் பளபளப்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் அதே ஜன்னலின் ஒளி, அதனால் நிறத்தின் சாய்வு ஏறத்தாழ ஒரே பக்கம் இருக்க வேண்டும். கடைசியாக இரு கண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜன்னலுக்குத் தூரமான கண் கொஞ்சம் இருண்டிருப்பதுதான் முறை. இரண்டுக்கும் ஒரே பிரகாசம் கொடுத்துவிடாதீர்கள், படத்தில் வலப்பக்கம் இருக்கும் கண்ணுக்கு 1.8 மடங்கே போதும்.